தரகரை விலத்தினால் தரகரின் வேலையை யார் செய்வது?

மட்டக்களப்பில் புதிசாத் திறக்கிற சாப்பாட்டுக் கடைகளிலும், பாசிக்குடாப் பக்கத்து விடுதிகளிலும் இப்ப ஒரு வசனம் மரியாதைக்குரிய வசனமாகிட்டு: "மரக்கறியும் தயிரும் விவசாயிகளிடமிருந்து நேரடியாக." எங்கட வயசுப் பெடியங்கள் நடத்துற கடைகள் என்டால் இன்னும் கூட. இடைத்தரகர் சுரண்டுறார், அவரை விலத்தினால் விவசாயிக்கும் நல்லது, கடைக்கும் நல்லது, சாப்பிடுற எங்களுக்கும் நல்லது என்டு சொல்லப்படுது.

இது பாதி உண்மைதான். தரகரை விலத்தலாம். ஆனா அவர் செய்யிற வேலையை விலத்த ஏலாது. அந்த வேலை யாரோ ஒருவருடைய தலையில விழத்தான் வேணும். நேரடிக் கொள்வனவு என்டு சொல்லிக்கொண்டு அந்தச் சுமையையும் தோட்டக்காரரின் தலையிலேயே ஏத்திவிடுகிற ஏற்பாடுகள்தான் ஒரு போகத்தோட முறிஞ்சு போகுது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

களுதாவளைப் பக்கம் போனால் தரகரின் வேலை என்ன என்டு கண்ணாலேயே பார்க்கலாம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்த மணல் நிலத்தில வெற்றிலையோட கத்தரி, வெண்டி, பயிற்றை, மிளகாய் எல்லாம் விளையுது. விடியப் பறிச்சு வீதிக்குக் கொண்டு வந்தால் சேகரிப்பவர் வருவார். அவர் வாங்கிறது நல்ல காயை மட்டும் இல்ல. நேரானது, வளைஞ்சது, சின்னது, ஓட்டை விழுந்தது எல்லாத்தையும் ஒரு விலையில ஒண்டாத் தூக்குவார். காசு கையில கொடுப்பார். சில நேரம் விதைக்கும் உரத்துக்கும் முன்கூட்டியே கொடுத்திருப்பார். வாகனம் அவருடையது. ஏத்தின பிறகு அழுகினால் அந்த நட்டமும் அவருடையது. இதுக்கெல்லாம் சேர்த்து அவர் எடுக்கிற பங்கு கூடுதலா இருக்கலாம், நிறுவையிலயும் கை வைக்கலாம். அந்தக் குறைகளை நான் மறைக்கேல்ல. ஆனா அவர் சும்மா இருந்து சம்பாதிக்கிறார் என்டு சொல்றது சரியில்ல.

ஒரு தோட்டக்கார மாமாவிடம் நான் இந்த நேரடிக் கொள்வனவைப் பற்றி ஆர்வமாச் சொல்லிக்கொண்டு போக, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நல்லதை ஹோட்டல்காரர் எடுத்துப் போட்டார் எண்டா, மிச்சத்தை ஆருக்கு விக்கிற மகன்?"

இந்தக் கேள்வியைக் கணக்காப் போட்டுப் பாப்பம். விலைகள் உதாரணத்துக்குத்தான், நாளுக்கு நாள் மாறும். கால் ஏக்கர் கத்தரித் தோட்டம், நல்ல காய்ப்பு நேரம், ஐந்து நாளைக்கு ஒருக்காப் பறிக்க 80 கிலோ வருது என்டு வைப்பம். சேகரிப்பவர் கிலோ 150 ரூபாவுக்கு எல்லாத்தையும் எடுக்கிறார். ஒரு பறிப்புக்கு 12,000 ரூபா.

இப்ப மதியத்துக்கு 60 சாப்பாடு போடுகிற ஒரு கடை வருது. ஆளுக்கு 65 கிராம் கத்தரிக்காய் என்டால் நாளைக்கு 4 கிலோ, ஐந்து நாளைக்கு 20 கிலோ. "அண்ணே, நாங்க கிலோவுக்கு 200 தாறம், ஆனா நல்ல காய் மட்டும் வேணும்" என்டு கடைக்காரர் சொல்றார். கேட்கச் சந்தோசமாத்தான் இருக்கும். 20 கிலோவுக்கு 4,000 ரூபா. ஆனா மிச்சம் 60 கிலோவில முதல் தரம் போயிட்டு. சேகரிப்பவர் சாக்கைத் திறந்து பார்த்தவுடனே கண்டுபிடிச்சிடுவார். கழிச்சது என்டு 120 தான் தருவார். அது 7,200 ரூபா. மொத்தம் 11,200. கூட விலைக்கு வித்தும் தோட்டக்காரருக்கு 800 ரூபா நட்டம். அதோட காலங்காலமாக எடுத்துக்கொண்டிருந்த சேகரிப்பவரின் மனமும் கசந்து போயிற்று.

இதையே வேற மாதிரிச் செய்யலாம். கடை பொறுக்கி எடுக்காமல், பறிச்ச குவியலில கால்வாசியை வந்தபடி எடுக்கட்டும். கிலோ 180. கடைக்கு 3,600 ரூபா செலவு. மிச்சம் 60 கிலோவின் தரம் குறையேல்ல, ஆகவே அது பழைய 150க்கே போகும், 9,000 ரூபா. மொத்தம் 12,600. தோட்டக்காரருக்கு 600 ரூபா லாபம். நகரச் சில்லறை விலை 240 என்டால் கடை அதே 20 கிலோவுக்கு 4,800 கொடுத்திருக்கும். களுதாவளையில இருந்து பஸ்ஸில சாக்கு ஏத்தி விடவும், இறக்கவும் 500 ரூபா போனாலும் கடைக்கும் மிச்சம்தான்.

இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் விலையில இல்ல. தரம் பிரிக்கிற வேலையை யார் செய்யிற என்டதில இருக்கு. இரண்டாவது கணக்கில அந்த வேலை குசினிக்குள்ள வருது. நேரான பெரிய காயைப் பொரியலுக்கு வட்டமாக வெட்டலாம். வளைஞ்சதும் சின்னதும் பால்கறிக்கும் குழம்புக்கும் போகலாம், வெட்டின பிறகு வடிவை யாரும் பார்க்கப் போறதில்ல. இதுக்குச் சமையல்காரர் தயாராக இல்லாவிட்டால் அந்தக் கடை நேரடியா வாங்காமல் இருக்கிறதே எல்லாருக்கும் நல்லது.

தரம் பார்க்கிறதில இன்னொரு விசயம் இருக்கு. கத்தரிக்குத் தண்டையும் காயையும் துளைக்கிற புழுதான் பெரிய எதிரி. முட்டையில இருந்து வந்தவுடனே குருத்துக்குள்ளயோ காய்க்குள்ளயோ புகுந்திடும். உள்ளுக்குப் போன புழுவுக்கு மேல அடிக்கிற மருந்து படாது. அதனால புழு புகமுதல் பிடிக்க வேணும் என்டு திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். இந்த நிலையில ஒரு கடை "ஒரு ஓட்டை கூட இருக்கக் கூடாது" என்டு ஒப்பந்தத்தில எழுதினால், அதன் அர்த்தம் என்ன? "இன்னும் ரெண்டு தரம் கூட அடியுங்கோ" என்டுதான் அர்த்தம். பளபளப்பான காயைக் கேட்கிறவர் தன்னை அறியாமலே மருந்தைக் கேட்கிறார். பிறகு அதே கடையின் பலகையில "நஞ்சற்ற உணவு" என்டு எழுதியிருக்கும்.

ஆகவே தரச் சோதனை குசினி வாசலில காயை உருட்டிப் பார்க்கிறதில முடியாது. மருந்து எச்சத்தைக் கண்ணால காண ஏலாது, மணத்தாலயும் பிடிக்க ஏலாது. செய்யக்கூடியது ஒண்டு இருக்கு. தோட்டத்தில ஒரு கொப்பி. என்ன மருந்து, என்டைக்கு அடிச்சது, என்டைக்குப் பறிச்சது, மூன்றே மூன்று நிரல். ஒவ்வொரு மருந்துப் போத்தலின் சுட்டியிலயும் அடிச்சு எத்தினை நாளைக்குப் பிறகு பறிக்கலாம் என்டு போட்டிருக்கும். கொப்பியில உள்ள இரண்டு திகதிக்கும் இடைவெளி அதைவிடக் குறைவென்டால் அந்தப் பறிப்பைக் கடை எடுக்கக் கூடாது. ஆனா அதோட சேர்த்து, பத்துக் காயில ஒண்டு ஓட்டையாக இருந்தால் ஏற்றுக்கொள்வம் என்டும் எழுத வேணும். முதல் வசனத்தை எழுதிப்போட்டு இரண்டாவதை எழுதாமல் விட்டால் கொப்பியில பொய்த் திகதிதான் வரும். மற்ற மரக்கறிகளுக்குச் சோதனை லேசு. வெண்டிக்காயின் நுனியை முறிச்சால் சட்டென்டு முறிய வேணும், நார் இழுத்தால் ஒருநாள் பிந்திப் பறிச்சது. பயிற்றங்காயில விதை புடைச்சுத் தெரிஞ்சால் முத்திப் போயிட்டு. இதெல்லாம் காயின் குற்றம் இல்ல, பறிச்ச நாளின் குற்றம். வாகனம் என்டைக்கு வரும் என்டு கடை ஒழுங்காச் சொல்லாவிட்டால் காய் முத்தத்தான் செய்யும்.

அடுத்தது காலம். பாசிக்குடாவுக்குச் சனம் வாறது கடல் அமைதியா இருக்கிற மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில. மரக்கறி கேட்டு விடுதிகளில இருந்து போன் வாறதும் அந்த மாதங்களிலதான். ஆனா கத்தரி போன் அடிச்சவுடனே காய்க்காது. நாற்றுமேடையில ஒரு மாதம், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். மே தொடக்கத்தில காய் வேணுமென்டால் மாசி தொடங்கேக்க நாற்று மேடையில இருக்க வேணும். அப்ப பேச்சுவார்த்தை நடக்க வேண்டியது தைப்பொங்கல் கழிஞ்ச கையோட, மழை விட்டு மணல் காயத் தொடங்குகிற நேரத்தில. அதோட, முழு நிலத்தையும் ஒரே நாளில நட்டால் எல்லாம் ஒரே நேரத்தில காய்ச்சு ஒரே நேரத்தில ஓய்ஞ்சிடும். பாதியை மார்ச்சில நட்டு, மிச்சத்தை ஐந்தாறு கிழமை கழிச்சு நட்டால்தான் செப்டெம்பர் வரைக்கும் இழுக்கலாம். இப்படி நடச் சொல்றது கடையின் தேவைக்காக. ஆகவே அதுக்கான நாற்று, உரச் செலவில ஒரு பங்கைக் கடை முற்பணமாகக் கொடுக்கிறதுதான் நியாயம். 15,000 ரூபா கொடுத்தால் பத்துப் பறிப்பில 1,500 படி வட்டியில்லாமல் கழிக்கலாம்.

விலையைப் போகம் முழுக்க ஒரே தொகையாகக் கட்டிப் போடுறதுதான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முறியிற இடம். இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. விவசாயிக்கும் கொள்வனவாளருக்கும் இடையில முன்கூட்டிய விற்பனை ஒப்பந்தங்களை இலங்கை மத்திய வங்கி 1999 இல் அறிமுகப்படுத்தியது. அந்த மாதிரி ஒப்பந்தம் எங்க செய்தாலும் இரண்டு பக்கமும் ஒரே சோதனைதான் வருது: சந்தை விலை ஏறினால் விவசாயி வெளியில விக்கப் பார்ப்பார், இறங்கினால் வாங்கிறவர் காணாமல் போயிடுவார். இதைக் குணக்கேடு என்டு நான் நினைக்கேல்ல. ஒப்பந்தம் எழுதின முறைதான் பிழை.

நான் சொல்றது இப்படி. அன்று காலை வீதியில சேகரிப்பவர் கொடுத்த விலைதான் அடிப்படை, அதுக்கு மேல கிலோவுக்கு 30 ரூபா. ஆனா 120க்குக் கீழ இறங்காது. 220க்கு மேல போனால் மேலதிகத்தில பாதியைத்தான் கடை கொடுக்கும். இப்ப பாருங்கோ. எல்லாருக்கும் ஒரே நேரத்தில காய்ச்சு விலை 60க்கு விழுந்த நாளில கடை 120 கொடுக்குது. 20 கிலோவுக்கு 1,200 ரூபா கூட. விலை 350க்கு ஏறின நாளில முப்பதைச் சேர்த்தால் 380, அதில 220க்கு மேற்பட்ட 160இல் பாதி 80, ஆக 300 ரூபா. வெளியில வித்திருந்தால் கிடைச்சிருக்கிறதை விட 20 கிலோவுக்கு 1,000 ரூபா குறைவு. ஆனா மிச்சம் 60 கிலோவை அவர் 350க்கே வித்திருப்பார். விழுந்த நாளில தாங்கினதை ஏறின நாளில திருப்பிக் கொடுக்கிற அளவுதான் இது. முறிச்சுக்கொண்டு ஓடுற அளவு ஆசை இதில வராது.

மழைக்காலத்துக்கு வேற வசனம் வேணும். எங்களுக்கு வருசத்தில விழுகிற மழையில பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில கொட்டுது. 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்ல. அந்த மாதங்களில அளவு பூச்சியமாகலாம், அதுக்குத் தண்டம் இல்லை என்டு எழுத வேணும். குசினி அதுக்கேற்ற மாதிரி மாற வேணும். வெள்ளத்துக்கு முதலே எடுத்து வைச்ச பூசணி, ஈரத்துக்கு அஞ்சாத கங்குன், கோடையில காயவைச்ச மோர் மிளகாய், பாகல் வத்தல். அமெரிக்காவின் பேர்க்லியில அலிஸ் வாட்டர்ஸ் 1971 இல் தொடங்கின 'ஷே பனீஸ்' உணவகம் இதுக்குப் பேர்போனது. அங்க அன்றைக்கு என்ன நல்லதா வந்ததோ அதை வைச்சுத்தான் அன்றைய சாப்பாட்டுப் பட்டியல். அது பணக்காரர் சாப்பிடுற இடம், உண்மை. ஆனா அந்த ஒழுங்கு எங்கட அம்மம்மாக்களின் குசினிக்குப் புதிசில்ல. பட்டியலை அச்சடிச்சு பிளாஸ்ரிக் உறை போட்ட பிறகுதான் எங்களுக்கு அது மறந்து போனது.

இனி தயிர். மரக்கறியில சொன்னது எல்லாம் பாலுக்கும் பொருந்தும் என்டு நினைச்சால் அங்கதான் பிழைக்கும்.

கடைகள் முதலில கேட்கிறது "பாலை நேரடியா எடுக்கலாமா" என்டு. எங்கட மாடுகளும் எருமைகளும் பெரும்பாலும் பட்டியில வளருகிறவை. கன்றை இரவில பிரிச்சுக் கட்டி விடிய ஒருதரம் கறப்பார்கள். ஒரு மாட்டில கிடைக்கிறது ஓரிரண்டு லீற்றர்தான். பெரும்போக வயல் விதைக்கேக்க மாடுகள் வயல் ஊர்களில நிற்க ஏலாது. படுவான்கரையில இருந்து மேற்கே தூர மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்ச்சுக்கொண்டு போக வேணும். அறுவடை முடிஞ்சு தாள் மேயத்தான் திரும்பி வரும். புல் செழிச்சுப் பால் கூடுறது மழையோட. அதாவது பால் கூடின நேரம் பட்டி தூரத்தில நிற்குது. பட்டி கிட்ட நிற்கிற ஆடி, ஆவணியில புல் கருகிப் பால் குறைஞ்சிடும். உல்லாசப் பயணிகள் தயிர் கேட்கிறதும் அந்த மாதங்களிலதான்.

கறந்த பாலைச் சில மணித்தியாலத்துக்குள்ள குளிராக்காவிட்டால் எங்கட வெக்கையில அது திரைஞ்சிடும். கடைக்குக் குளிரூட்டின கொள்கலன் வாகனம் இல்ல. அப்படியிருக்கப் பாலை வாங்கிறதென்டு நிற்கிறது வீண் வேலை. தூரத்துக்கு எங்கட ஆக்கள் எப்பவோ கண்டுபிடிச்ச விடைதான் சட்டித் தயிர். பட்டிக்குக் கிட்டவே பாலைக் காய்ச்சி, கைபொறுக்கிற சூட்டில உறை போட்டு, மண்சட்டியில ஊத்தினால் இரவைக்குள்ள உறைஞ்சிடும். சட்டி கொஞ்ச நீரை உறிஞ்சித் தயிரை இறுக்கும். பாலைப் போலக் கெதியாக் கெடாது. ஆகவே கடை வாங்க வேண்டியது தயிரை. தேத்தண்ணிக்கு வேண்டிய பாலை வேற இடத்தில பார்க்கட்டும்.

தயிரின் தரத்தைச் சட்டியிலேயே பார்க்கலாம். கரண்டியால வெட்டினால் ஓரம் கத்தியால வெட்டினது போல நிற்க வேணும். கொஞ்சம் தெளிஞ்ச நீர் ஊறலாம், சட்டி நிறைய நீர் நின்றால் பாலில தண்ணி கலந்திருக்கலாம், அல்லது வழியில நல்லா ஆட்டுப்பட்டிருக்கும். உள்ளுக்குச் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருந்தால் உறையிலயோ சட்டியிலயோ வேண்டாத கிருமி சேர்ந்திட்டு, அதை எடுக்கவே கூடாது. எருமைப் பாலில கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம், பசுப்பாலில 4 வீதத்தளவு. எருமைத் தயிர் நல்ல வெள்ளை. மஞ்சள் ஓடினால் பசுப்பால் கலந்திருக்கு என்டு நினைக்கலாம். அது நஞ்சில்ல, ஆனா எருமைத் தயிர் விலை கொடுக்கத் தேவையில்ல. மா கலந்து இறுக்கியிருக்கு என்டு சந்தேகம் வந்தால் மருந்துக்கடையில வாங்கின அயடீன் ஒரு துளி போதும், நீலமானால் மா இருக்கு. கடைசியா ஒரு சோதனை, கடைக்கே: தயிர் காலையில வந்து மத்தியானம் வரைக்கும் வாசலில இருந்து புளிச்சால் அது பட்டிக்காரரின் கணக்கில்ல.

ஒப்பந்தமும் இதைப் பின்பற்றி எழுதப்பட வேணும். மாசி, பங்குனியில கிழமைக்கு 40 சட்டி எடுக்கிறம், ஆவணியில 15 தந்தால் போதும், ஆனா ஆவணிச் சட்டிக்கு விலை கூடத் தாறம் என்டு. வருசம் முழுக்க ஒரே 30 சட்டி என்டு எழுதினால், கோடையில அந்த 30ஐ நிரப்ப ஒரு வழிதான் இருக்கு. தண்ணி, பால்மா, பசுப்பால். கலப்படத்தைப் பிடிக்க அயடீன் வாங்கமுதல், கலப்படத்தைக் கட்டாயப்படுத்துகிற வசனத்தை ஒப்பந்தத்தில இருந்து வெட்ட வேணும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட ஏலாது. அந்தத் தூர மேய்ச்சல் தரை என்டு நான் எழுதினதுக்குப் பெயர் இருக்கு: மயிலத்தமடு, மாதவனை. அங்க நிலம் பறிபோகுது, மாடுகள் கொல்லப்படுகின்றன என்டு 2023 செப்டெம்பரில சித்தாண்டியில வீதியோரம் குந்தினவர்கள் இதே பண்ணையாளர்கள்தான். மேய்ச்சல் தரை இல்லாவிட்டால் பெரும்போகத்தில பட்டிக்குப் போக்கிடம் இல்ல. பிறகு பட்டியை வித்துப்போட்டுப் போறதுதான். 'மட்டக்களப்பு எருமைத் தயிர்' என்டு பட்டியலில எழுதி விக்கிற கடைக்கு அந்தப் போராட்டத்தோட தொடர்பில்லை என்டு சொல்ல ஏலாது. ஒப்பந்தம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் நிலம் போனால் சட்டி வராது.

எல்லாத்தையும் நேரடியாக வாங்கலாம் என்டு நான் சொல்லேல்ல. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு தம்புள்ளையில இருந்துதான் வரும், அதை வாங்கிறது குற்றமும் இல்ல. தோட்டத்தில இருந்து என்டு சொல்ல விரும்புற கடை ஒரு மரக்கறி, ஒரு குடும்பம், பன்னிரண்டு கிழமை என்டு தொடங்கட்டும். ஒற்றைத் தாளில ஐந்து வசனம் போதும்: பறிப்பில எத்தினை பங்கு, எந்த விலையில இருந்து எந்த விலை வரைக்கும், எத்தினை ஓட்டை பொறுப்பம், வெள்ளம் வந்தால் என்ன, காசு என்டைக்கு. கடைசி வசனத்துக்கு ஒரே பதில்தான் இருக்கு: சாக்கு வந்த அன்றைக்கே. மாதம் முடியத் தாறம் என்டு சொல்ற கடையை விட, கையில காசு கொடுக்கிற தரகர் தோட்டக்காரருக்கு நல்லவர். அவரை ஏன் விட்டுப்போட்டு எங்களிட்ட வர வேணும்?